இரண்டு வீட்டுக்கும் வந்து போனவர்

குடும்ப நீதிமன்றத்தின் மூன்றாம் மாடியில், குழந்தைகள் அறைக்குப் பக்கத்து அறைதான் ஆலோசகருக்கு. பிரிந்துபோன பெற்றோரில் யாரிடம் குழந்தை வளர வேண்டும், மற்றவர் எந்த நாளில் எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று நீதிபதி முடிவு செய்யும் முன், குழந்தையோடு பேசி, இரண்டு வீட்டையும் நேரில் பார்த்து அறிக்கை எழுதிக்கொடுப்பது அந்த அம்மாளின் வேலை. பதினொரு வருஷம் இதையே செய்ததில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும், 'இதை இவங்க ஏன் இப்ப சொல்றாங்க?' என்றுதான் முதலில் தோன்றும். வீட்டில் கணவர் தலைவலி என்று சொன்னால்கூட அப்படித்தான். அவர் தலைவலியைச் சொல்வதையே விட்டுவிட்டார்.

சிட்டுவின் கோப்பு வந்தபோது அந்தப் பழக்கத்துக்கு நிறையத் தீனி கிடைத்தது.

சிட்டுவுக்கு எட்டு வயது. அம்மா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். அப்பா லிஃப்ட் மெக்கானிக். இருவரும் பிரிந்து பதினாலு மாதம் ஆகிறது. இடைக்கால உத்தரவுப்படி குழந்தை அம்மாவிடம். முதல் இரண்டு மாதம் சனிக்கிழமைகளில் நீதிமன்றத்தின் குழந்தைகள் அறையிலேயே அப்பா வந்து பார்த்தார். அதில் குறை எதுவும் தெரியாததால், பிறகு சனிக்கிழமை காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை தன் வீட்டுக்கு அழைத்துப்போக அனுமதி கிடைத்தது. ஆறு மாதம் சத்தமில்லாமல் ஓடியது. அதன் பிறகு, பத்தே நாள் இடைவெளியில் இரண்டு மனுக்கள்.

அப்பாவின் மனு: முன்பின் தெரியாத ஒரு ஆள் தாயின் வீட்டுக்கு மாலை நேரங்களில் வந்து போகிறார், அப்போது குழந்தையை உள் அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள், ஆகவே குழந்தையைத் தன் பொறுப்பில் விட வேண்டும். ஆதாரமாக, குழந்தையே பேசும் ஆடியோ பதிவு.

அம்மாவின் மனு: தந்தையின் வீட்டில் பெயர் தெரியாத ஒரு பெண் இருக்கிறாள், குழந்தைக்குப் புளிப்பான ஒரு மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்கிறாள், ஆகவே இனிமேல் சந்திப்பு நீதிமன்ற அறையில், ஒருவர் கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டும். ஆதாரமாக, தேதி போட்டு அம்மா எழுதிவைத்த நோட்டின் நகல்.

ஆலோசகர் பெற்றோரைத் தனித்தனியாக அழைத்துப் பேசினார்.

அப்பா உயரமான ஆள். எவ்வளவு கழுவியும் போகாத கிரீஸ் விரல் மடிப்புகளில் கறுத்திருந்தது. "நான் ஒன்னும் வேவு பார்க்கல மேடம். பொண்ணு தானா வந்து சொல்றா. கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியுமா?"

"அவளா சொன்னாளா, நீங்க கேட்டீங்களா?"

"கேட்டா என்ன தப்பு? பெத்தவன் கேக்காம யாரு கேப்பாங்க?"

"உங்க வீட்டுல யாராவது பெண் இருக்காங்களா?"

அவர் சிரித்தார். "அவ அப்படித்தான் எழுதுவா. எழுதாட்டாத்தான் ஆச்சரியம்."

அம்மாவும் ஏறக்குறைய அதே வார்த்தைகளைச் சொன்னாள். அவள் வார்த்தைகளை எடை போட்டுப் பேசுபவள். நோட்டில் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு பக்கம் இருந்தது. குழந்தை திரும்பிய நேரம், உடுத்தியிருந்த உடை, சாப்பிட்டது, சொன்னது. அடிக்கோடெல்லாம் அளவுகோல் வைத்துப் போட்டது.

"வீட்டுக்கு யாரும் வர்றதில்லையா?"

"யாரு வருவா மேடம்? காலையில ஆறு மணிக்குப் போனா சாயங்காலம் திரும்பறதுக்குள்ள முதுகு உடைஞ்சிடுது. வர்றவங்களுக்குக் கதவு திறந்துவிடக்கூடத் தெம்பு இல்ல."

இருவரையுமே ஆலோசகர் நம்பவில்லை. பாதி நம்புவதைவிட அதுதான் வேலைக்கு வசதி.

குழந்தையை இரண்டு முறை பார்ப்பது அவர் முறை. ஒரு தடவை அம்மா அழைத்துவர வேண்டும், மறு தடவை அப்பா. வாசல் வரை கையைப் பிடித்துக்கொண்டு வந்தவரின் சூடு உள்ளங்கையில் இருக்கும்போது, குழந்தை அவருக்காகவே பேசும் என்பது அனுபவம்.

முதல் தடவை சிட்டு அம்மாவோடு வந்தாள். முழுக்கைச் சட்டை. வண்ணப் பென்சில்களை உயரப்படி அடுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள், தேர்வுக்கு வந்தவள் மாதிரி.

"அப்பா வீட்டுல சனிக்கிழமை எப்படிப் போகும்னு சொல்லேன்."

"ஒரு ஆன்ட்டி இருப்பாங்க. மாத்திரை குடுப்பாங்க. நான் தூங்கிடுவேன்."

"அப்புறம்?"

சிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "இன்னும் சொல்லணுமா?"

"உனக்குச் சொல்லணும்னு தோணினா சொல்லு."

"போதுமா இதுன்னு கேட்டேன்."

அந்தக் கேள்வி ஆலோசகரின் காதில் உறுத்தியது. அம்மா சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். பிறகு சிட்டு படம் வரைய முழுக்கையை மடித்துவிட்டபோது, இடது முழங்கை மடிப்பில் இரண்டு சிறிய புள்ளிகள் தெரிந்தன. ஒன்று காய்ந்தது, மற்றது புதிது. சுற்றிலும் மஞ்சள் பாரித்திருந்தது.

"இது என்னம்மா?"

சிட்டு உடனே கையை இறக்கிவிட்டாள். "ஒன்னுமில்ல."

அன்றே அம்மாவை உள்ளே அழைத்து, கதவைச் சாத்திக் கேட்டார். அம்மா மறுக்கவில்லை.

"நான்தான் எடுத்தேன். ரெண்டு தடவை. எங்க லேப்லயே. தூக்க மருந்து ஏதாவது இருக்கான்னு பார்க்க."

"டாக்டர் யாராவது சொன்னாங்களா?"

"இல்ல."

"ரிசல்ட்?"

அம்மா தலை குனிந்தாள். "ரெண்டுலயும் ஒன்னும் இல்ல. ஆனா நேரம் கடந்துட்டா சில மருந்து காட்டாது மேடம். அடுத்த தடவை வந்தவுடனேயே எடுக்கணும்னு நினைச்சேன்."

"குழந்தை அழுதாளா?"

"முதல் தடவை அழல. ரெண்டாவது தடவை என் டேபிளுக்கு அடியில போய் உக்காந்துட்டா."

சொல்லிவிட்டு அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு ஊசி குத்தும் கைகள். இனி தானாக ரத்தம் எடுக்கக் கூடாது, சந்தேகம் வந்தால் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும் என்று எழுதி, ஆலோசகர் அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார். மறுநாளே நீதிபதிக்கும் தகவல் தந்தார்.

இரண்டாவது முறை சிட்டு அப்பாவோடு வந்தாள். இப்போது ஆன்ட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. "அம்மா வீட்டுக்கு ஒரு மாமா வருவாரு. என்னை உள்ள போகச் சொல்லுவாங்க." அதே குரல், அதே வேகம். சொல்லி முடித்ததும் அதே பார்வை.

அன்று ஆலோசகர் அப்பாவின் ஆடியோவைக் காதில் மாட்டிக் கேட்டார். பதிவில் அப்பாவின் குரல் தேனாக இருந்தது.

'அந்த மாமா இந்த வாரமும் வந்தாரா கண்ணு?'

ஸ்பூன் கிண்ணத்தில் உரசும் சத்தம்.

'ம்.'

'வந்து? அம்மாகூடப் பேசினாரா? உன்னை உள்ள போகச் சொன்னாங்களா?'

'ம். போகச் சொன்னாங்க.'

'அவரு எப்படி இருப்பாரு? அப்பாவுக்குச் சொல்லு.'

'வெள்ளைச் சட்டை. தைல வாசனை வரும். உள்ள வர்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கனைப்பாரு. கட்டைவிரல்ல நகமே இருக்காது.'

ஆலோசகர் பதிவை நிறுத்தினார். எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. அம்மாவின் நோட்டு நகலை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஐந்தாவது பக்கத்தில், அளவுகோல் அடிக்கோட்டுக்கு மேலே இருந்தது: 'அந்தப் பெண் வெள்ளை உடை. மேலே தைல வாசனை. வலது கட்டைவிரலில் நகம் இல்லை.'

ஒரு ஆணும் ஒரு பெண்ணும். இரண்டு வெவ்வேறு வீடுகள். ஒரே கட்டைவிரல்.

அவர் பதிவில் கேட்டதைத் தாளில் எழுதி, நோட்டு நகலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வாசலில் யாரோ இரண்டு தடவை கனைத்தார்கள்.

அலுவலக உதவியாளர். எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுவார்கள். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. வெள்ளைச் சீருடையில் வந்து, தேநீரை மேசையில் வைத்து, டம்ளரின் விளிம்பைக் கோப்பு நனையாதபடி நகர்த்தினார். நகர்த்திய கட்டைவிரலில் நகம் இல்லை. பதினொரு வருஷமாக தினமும் இரண்டு வேளை அந்தக் கை கொண்டுவந்த தேநீரைக் குடித்திருக்கிறார், அந்த விரலைப் பார்த்ததே இல்லை. தோள்பட்டை வலிக்குப் பூசிய தைலத்தின் வாசனை அறையில் நின்றது.

ஆலோசகர் இரண்டு தாள்களையும் கோப்புக்குள் தள்ளி மூடினார்.

குழந்தைகள் அறையைத் திறந்து மூடுவது, பொம்மைகளை எடுத்துவைப்பது, பெற்றோரின் கையெழுத்துப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது எல்லாம் பெரியவர்தான். இரண்டு வீட்டின் முகவரியும் அதில் இருக்கிறது. நினைத்தால் போக முடியும். எதற்காகப் போவார் என்று தெரியவில்லை. ஆனால் தெரியாதது எல்லாம் நடக்காதது ஆகிவிடாது.

"சனிக்கிழமைல எல்லாம் நீங்க எங்க இருப்பீங்க அண்ணே?" என்று கேட்டார், சாதாரணமாக இருக்கட்டும் என்று தேநீரை ஊதிக்கொண்டே.

"இங்கதாம்மா. பிள்ளைங்க ரூமை வேற யாரு திறக்கறது?"

"சாயங்காலம் வேலை முடிஞ்சு?"

"வீட்டுக்கு."

"நேரா வீட்டுக்கா?"

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கட்டடத்தில் முப்பது வருஷம் இருந்தவர். எப்படிப்பட்ட கேள்வி எப்படிப்பட்டவரிடம் கேட்கப்படும் என்பது அவருக்குத் தெரியும்.

"என்ன விஷயம்னு சொல்லிட்டுக் கேட்டீங்கன்னா பதில் சொல்லலாம்மா. இப்படிச் சுத்தி வளைச்சா நான் என்ன சொல்றது?"

கோப்பில் இருப்பதை வெளியே சொல்ல ஆலோசகருக்கு அனுமதி இல்லை. "ஒன்னுமில்லண்ணே" என்றார். பெரியவர் காலி டம்ளரைக்கூட எடுக்காமல் போனார். அதன் பிறகு ஆலோசகரின் அறைக்குத் தேநீர் வரவில்லை.

அவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். கடந்த எட்டு மாதத்தில் எல்லாச் சனிக்கிழமையும் ஒன்பதரை முதல் ஐந்தரை வரை பெரியவரின் கையெழுத்து இருந்தது. அதுவும் போதாது என்று தோன்றியதால், முன்கூட்டிச் சொல்லாமல் இரண்டு வீட்டுக்கும் போனார்.

அம்மாவின் வீடு ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மா. இரும்புக் கதவைத் திறந்தால் அவருடைய சமையலறை ஜன்னலைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். "யாரு வந்தாலும் எனக்குத் தெரியாமப் போகாது. வர்றதுக்குத்தான் ஆளே இல்ல" என்றார் அந்த அம்மாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. மேலே உள் அறை என்று ஒன்று இருந்தது, ஆனால் அதற்குக் கதவு இல்லை. திரைச்சீலைதான். சாத்துவதற்கு எதுவும் இல்லை.

அப்பாவின் வீடு ஒரு குடியிருப்பின் நான்காம் மாடியில். மூலையில் ஸ்பானர் பெட்டி, கொடியில் ஒரே அளவுச் சட்டைகள், குளியலறையில் இரண்டே இரண்டு பிரஷ். சின்னது சிட்டுவுடையது. மருந்து என்று இருந்தது இருமல் சிரப்பும் வைட்டமின் சி மாத்திரையும். வைட்டமின் சி புளிக்கும். எதிர்வீட்டுப் பெண், சனிக்கிழமை முழுவதும் அப்பாவும் மகளும் தாழ்வாரத்தில் சைக்கிள் ஓட்டி இடிப்பதாகப் புகார் சொன்னார். வேறு பெண் யாரையும் அவர் பார்த்ததில்லை. பள்ளியில் ஆசிரியை, சிட்டு தூங்கிவழிவதில்லை, ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மதியத்துக்கு மேல் வயிற்றுவலி என்று மேசையில் கவிழ்ந்துகொள்கிறாள் என்றார். குழந்தை மருத்துவர் பரிசோதித்துவிட்டு உடம்பில் குறை ஒன்றும் இல்லை என்றார்.

இவ்வளவுக்குப் பிறகுதான் மூன்றாவது முறையாக, இந்தத் தடவை பள்ளி ஆசிரியையோடு, சிட்டுவை வரவழைத்தார்.

"முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். நீ இங்க சொல்றதை நான் ஜட்ஜ் சார்கிட்ட சொல்லுவேன். ரகசியமா வெச்சுக்கறேன்னு சொன்னா அது பொய் ஆயிடும். ஆனா எப்படிச் சொல்றதுன்னு உன்கிட்ட பேசிட்டுத்தான் சொல்லுவேன்."

"அம்மாவுக்கும் தெரியுமா?"

"தெரிய வரும். அப்பாவுக்கும்தான்."

சிட்டு ஒரு பென்சிலை எடுத்து மேசையில் உருட்டினாள். ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. ஆன்ட்டி, மாமா என்ற வார்த்தைகளைத் தான் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கும்? மொதல்ல இருந்து சொல்லு."

"அம்மா குளிக்கச் சொல்லுவாங்க. அப்புறம் பால் தருவாங்க. அப்புறம் நோட்டு எடுத்துட்டு வருவாங்க. யாரு வந்தாங்கன்னு கேப்பாங்க. யாரும் வரலன்னு சொன்னா மறுபடியும் கேப்பாங்க. மறுபடியும் கேப்பாங்க." அவள் பென்சிலின் முனையைத் தடவினாள். "யாராவது வந்தாங்கன்னு சொன்னா ஒரு தடவைதான் கேப்பாங்க. அப்புறம் பக்கத்துல வந்து கட்டிப்பாங்க."

"அப்பா வீட்டுல?"

"அப்பா ஐஸ்கிரீம் வாங்கி வெச்சிட்டு போனை எடுத்து டேபிள் மேல வெப்பாரு. வாரத்துல யாரு வந்தாங்கன்னு கேப்பாரு. நான் ஒன்னும் சொல்லலன்னா மூஞ்சி சோகமா ஆயிடும்."

"நீ என்ன பண்ணுவ?"

சிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். தாழ்வாரத்தில் பெரியவர் பொம்மைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"யாரைச் சொல்றதுன்னு தெரியல. அதான் அந்தத் தாத்தாவையே சொல்லிட்டேன். அப்பா வீட்டுக்கு அவரைப் பொம்பளையா மாத்திட்டேன்."

"ஏன் அவரை?"

"அவரு ஒன்னுமே கேக்க மாட்டாரு. கனைச்சிட்டு உள்ள வருவாரு, பொம்மையைக் குடுப்பாரு, போயிடுவாரு." முழங்கை மடிப்பைத் தொட்டுக்கொண்டாள். "மாத்திரைன்னு சொன்னப்புறம்தான் ஊசி போட்டாங்க. மாத்திரை இல்லன்னு சொல்லிப் பார்த்தேன். நீ பயந்துட்டுப் பொய் சொல்றேன்னு சொல்லிட்டாங்க."

சொன்னதை மறுக்கும் குழந்தையையும் ஆலோசகர் எளிதில் நம்புபவர் இல்லை. மறுக்கச் சொல்லியும் யாராவது பழக்கியிருக்கலாம். ஆனால் இதில் யாருக்கும் லாபம் இல்லை. அம்மாவுக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. கதவில்லாத அறையும் பதிவேட்டின் கையெழுத்துகளும் சிட்டுவின் பக்கம் இருந்தன.

"இதை நான் எப்படிச் சொல்லட்டும்?"

"நான் கெட்டவன்னு சொல்லாதீங்க."

"கெட்டவள்னு" என்று திருத்தவில்லை ஆலோசகர். அறிக்கை எழுத அவருக்கு நான்கு நாள் பிடித்தது. உண்மையை எழுதுவது சுலபம். அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போகும் இரண்டு பேர், அதே ராத்திரி குழந்தையைப் பார்த்து 'ஏன்டி பொய் சொன்னே' என்று கேட்காதபடி எழுத வேண்டும். கடைசியில் இப்படி எழுதினார்: 'இரண்டு வீட்டிலும் அந்நியர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. குழந்தை யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. கேள்வியை நிறுத்தும் பதில் எதுவென்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள். இதுவரை அவளுக்கு நேர்ந்த தீங்கு அந்தக் கேள்விகளாலும், அவற்றைத் தொடர்ந்து வந்த ஊசியாலும், ஒலிப்பதிவாலும் நேர்ந்தது.'

அறிக்கை நீதிபதிக்கும் இரண்டு வக்கீல்களுக்கும் போனது. தீர்ப்புக்கு முன் நீதிபதி சிட்டுவைத் தன் தனி அறையில் பார்த்தார். பெற்றோர் இல்லை, வக்கீல்கள் இல்லை. மேசைக்குப் பின்னால் உட்காராமல் எதிர்ப்பக்க நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். ஓரத்தில் ஆலோசகர் மட்டும்.

"நீ யாருகூட இருக்கணும்னு நான் கேக்கப் போறதில்ல. அதை முடிவு பண்றது என் வேலை. உனக்கு எது கஷ்டமா இருக்குன்னு மட்டும் சொல்லு. நீ சொல்றதை யோசிப்பேன், அப்படியே செய்வேன்னு சொல்ல முடியாது."

சிட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா ஸ்கூட்டர்ல இருந்து இறங்கி அப்பா பைக்ல ஏறணும். நடுவுல ரோடு இருக்கும். ரெண்டு பேரும் என்னைப் பார்ப்பாங்க. சிரிச்சா அம்மாவுக்குப் பிடிக்காது. சிரிக்கலன்னா அப்பாவுக்குப் பிடிக்காது."

நீதிபதி அதைத் தன் கையால் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஆலோசகரின் மேசையைச் சுற்றி பெற்றோரும் வக்கீல்களும் உட்கார்ந்தார்கள். நடுவில் அப்பாவின் பணி அட்டவணை, அம்மாவின் ஷிப்ட் தாள், பள்ளி நாள்காட்டி. அப்பாவுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அவசர அழைப்பு முறை. இரவு எட்டுக்கு மேலும், அந்த வார இறுதி முழுக்கவும், எங்கே லிஃப்ட் நின்றாலும் ஓட வேண்டும். இதுவரை சனிக்கிழமைப் பகலை மட்டும் வேறொரு மெக்கானிக்கோடு மாற்றிக்கொண்டு சமாளித்தார். அம்மாவுக்கு சனிக்கிழமையும் காலை ஆறு மணிக்கு வேலை. அன்று பத்து மணிக்கு அனுமதி வாங்கி வந்து அப்பாவிடம் விடும்வரை குழந்தையைக் கீழ்வீட்டு அம்மாள்தான் பார்த்துக்கொள்கிறார்.

"அந்த அழைப்பு முறையே நிஜமா, இல்ல எழுதிக்கிட்டதா?" என்று அம்மா வக்கீலின் காதில் கேட்டாள். எல்லோருக்கும் கேட்டது. அப்பா நிறுவனத்தின் முத்திரை போட்ட கடிதத்தை மேசை மேல் தள்ளினார். அம்மா முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அடுத்து லேப்ல டெஸ்ட் பண்ணுவா" என்றார் அப்பா.

"ரெண்டு பேரும் இதை நிறுத்தினா சீக்கிரம் முடிச்சிட்டுப் போகலாம்" என்றார் ஆலோசகர். "நீங்க ஒருத்தரை ஒருத்தர் நம்பணும்னு நான் கேக்கல. நம்பாமலே நடக்கற மாதிரி ஒரு அட்டவணை போடலாம்."

பல இடங்களில் ஒத்துக்கொண்டார்கள், சில இடங்களில் ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சத்தை நீதிபதி முடிவு செய்தார்.

தீர்ப்பு நாளில் அவர் நிதானமாக வாசித்தார். குழந்தை தாயிடமே இருக்கும். தாய் செய்தது சரி என்பதால் அல்ல. மருத்துவர் சொல்லாமல் குழந்தையின் ரத்தத்தை எடுத்தது கடுமையான தவறு என்று தனியாக ஒரு பத்தி இருந்தது. ஆனால் பள்ளி பக்கத்தில், படுக்கை பழகியது, அன்றாடம் தடையில்லாமல் நடக்கிறது. தந்தைக்கு இரண்டு வாரத்தில் ஒரு வாரம் இரவில் எந்நேரமும் கிளம்ப வேண்டிய வேலை, அப்போது வீட்டில் வேறு யாரும் இல்லை.

அப்பா எழுந்து நின்றார். "அப்ப ஊசி குத்தினதுக்கு ஒன்னும் இல்லையா சார்?"

"குழந்தையை உங்ககிட்ட குடுத்தா அது அவங்களுக்குத் தண்டனையா இருக்கும். குழந்தைக்கு எப்படி இருக்கும்னுதான் நான் பார்க்கணும். உக்காருங்க."

பிறகு அட்டவணை. அழைப்பு முறை இல்லாத வாரங்களில் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் தந்தை அழைத்துப்போகலாம், திங்கள் காலை பள்ளியிலேயே விட வேண்டும். முதல் மாதம் மட்டும் பழக்கத்துக்காக ஒரு இரவு, சனிக்கிழமை மாலை வரை. அழைப்பு முறை உள்ள வாரங்களில் புதன்கிழமை பள்ளி விட்டதிலிருந்து ஏழரை வரை. மாலையில் வீட்டு வாசலில் விடும் நாட்களில் கீழ்வீட்டு அம்மாள் வந்து கூட்டிக்கொள்வார். பெற்றோர் இருவரும் எதிரெதிரே நிற்க வேண்டியதில்லை. நீண்ட விடுமுறையில் பாதி, பத்துப் பத்து நாளாக. நாள் மாற்ற வேண்டுமென்றால் எழுத்தில் முன்கூட்டிக் கேட்க வேண்டும், தவறிய நாளுக்கு வேறு நாள் உண்டு. மறு வீட்டைப் பற்றிக் குழந்தையைக் கேள்வி கேட்பதும், பதிவு செய்வதும் கூடாது. அவசரம் தவிர எந்தச் சிகிச்சையும் பரிசோதனையும் மருத்துவர் சொல்லி, மற்றவருக்கும் தெரிவித்துத்தான். குழந்தை தானாக ஏதாவது சொல்லிக் கவலை வந்தால், தாங்களே விசாரிக்காமல் ஆலோசகரிடம் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து இதை மறுபடி பார்க்கலாம்.

வெளியே வந்து அம்மா படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயித்தவள் முகம் அல்ல அது. "மூணு ராத்திரி அங்க தூங்குவா. நான் எதுவுமே கேக்கக் கூடாதா மேடம்?"

"சாப்பிட்டியான்னு கேக்கலாம்."

"அது எனக்குப் போதாது."

"உங்களுக்குப் போதாதுதான்" என்றார் ஆலோசகர்.

அன்று மாலை அவர் தாழ்வாரத்தில் பெரியவரைத் தேடிப்போனார். "அண்ணே, அன்னைக்கு உங்களைக் கேட்டது தப்பு. ஏன் கேட்டேன்னு இப்பவும் சொல்ல முடியாது."

பெரியவர் பொம்மைகளை அடுக்கிக்கொண்டே, "கேக்கறது உங்க வேலை" என்றார். மன்னித்தாரா என்பது தெரியவில்லை. தேநீர் மட்டும் மறுநாளிலிருந்து வந்தது.

மூன்று மாதம் கழித்து மறுஆய்வுக்கு அம்மா முன்னதாகவே வந்து, கேட்காமலே பேச ஆரம்பித்தாள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அப்பாவிடமிருந்து செய்தி வந்ததாம். வேறொரு மெக்கானிக்குக் காய்ச்சல், ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று இரண்டு பேர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், பள்ளிக்குப் போக முடியாது, இன்றைக்கு நீ கூட்டிக்கோ, நாளைக் காலை வந்து அழைத்துக்கொள்ளட்டுமா என்று.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பொய்யின்னு நினைச்சேன். அந்தக் கட்டடத்து நம்பரைக் கண்டுபிடிச்சு போன் பண்ணினேன். வாட்ச்மேன் எடுத்தாரு. ஆமாம்மா, ரெண்டு பேரு உள்ள இருக்காங்க, ஒருத்தர் மேல ஏறி வேலை பார்த்துட்டிருக்காருன்னாரு." அவள் சற்று வெட்கப்பட்டது போலிருந்தது. "அப்புறம் சரின்னு எழுதினேன். சனிக்கிழமை காலையில வந்து கூட்டிட்டுப் போனாரு."

"திங்கக்கிழமை சாயங்காலம் சிட்டு வந்ததும்?"

"ஒன்னும் கேக்கல. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பாத்திரம் தேய்ச்சேன். எல்லாம் தேய்ச்சு முடிச்சு, கழுவினதையே மறுபடி தேய்ச்சேன். அவளா வந்து, அப்பா வீட்டுல தோசைக்கல்லை... இல்ல, ஏதோ கருக்கிட்டாங்களாம், புகை வந்து ஜன்னலைத் திறந்தாங்களாம், சொல்லிச் சிரிச்சா. நிஜமா நடந்ததான்னு எனக்குத் தெரியாது."

"வெள்ளிக்கிழமை வயித்துவலி?"

"ஒரு மாசமா இல்ல."

அடுத்து அப்பா வந்தார். அந்தச் செய்தியை அவரும் சொன்னார். "உடனே சரின்னு எழுதலை மேடம். இருபது நிமிஷம் ஆச்சு. அந்த இருபது நிமிஷத்துல யாருகிட்ட என்ன விசாரிச்சாளோ."

ஆலோசகர் மறுஆய்வுப் படிவத்தை எடுத்தார். படிவத்தில் அந்த நாளுக்கு எதிரே 'இருவர் சம்மதத்துடன் மாற்றப்பட்டது' என்று எழுதி, வெளியே காத்திருந்த அம்மாவையும் உள்ளே அழைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அட்டவணை அப்படியே தொடரலாம் என்று கீழே பரிந்துரைத்தார். அம்மா முதலில் போட்டாள். அப்பா பேனாவை வாங்கி, அவள் கையெழுத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, அதன் கீழே தன்னுடையதைப் போட்டார்.